மூன்று கம்பெனிக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக்: மெடிக்கல் ஷாப்புக்கு எந்த பில்லிங் சாஃப்ட்வேர்?

வாசகர் கேள்வி

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் என் கணவரும் நானும் இரண்டு மெடிக்கல் ஷாப் நடத்துகிறோம். இரண்டு கடைக்கும் சேர்த்து மூன்று பில்லிங் கம்ப்யூட்டர். இப்போதுள்ள சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார், அதனால் மாற்றியாக வேண்டும். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டினார்கள். அவர்களுடைய நோட்டீஸ்களைப் பார்த்து நானே அறுபது வசதிகளை எழுதி ஒரு அட்டவணை போட்டேன். கேட்டால் மூன்று பேருமே எல்லாம் இருக்கிறது என்கிறார்கள், எல்லாக் கட்டத்திலும் டிக்தான். ஒருவர் இந்த மாதத்தோடு ஆஃபர் முடிகிறது என்கிறார். இன்னொருவர் முப்பது நாள் இலவச ட்ரயல் தருகிறார். இலவசம்தானே, அதை எடுத்து ஒரு மாதம் பில் போட்டுப் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். மறுபடி டெமோ கேட்டால் வாங்கியே ஆக வேண்டும் என்று நெருக்குவார்களோ என்று எனக்குத் தயக்கம். எப்படிக் கேட்பது, எதை வைத்து ஒப்பிடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தயக்கத்தை விடுங்கள். டெமோ கேட்பதால் வாங்கும் கடமை எதுவும் வராது, இரண்டாம் முறை கேட்டாலும் அப்படித்தான். நீங்கள் ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கொடுத்தாலோதான் பேச்சு வேறு. ஆகவே டெமோ முடிந்ததும் "வந்துபோனதற்கு ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டினால், அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள். மாதக் கடைசி ஆஃபரைப் பற்றியும் கவலை வேண்டாம். விற்பவருக்கு மாத இலக்கு இருக்கிறது, அடுத்த மாதமும் இருக்கும்.

அடுத்தது உங்கள் அட்டவணை. அறுபது வசதிகளையும் விற்பவர்களின் நோட்டீஸிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். அவர்கள் எழுதியதை அவர்களிடமே கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். அதில் பொய்யும் இல்லை. "எக்ஸ்பைரி பார்க்க வசதி உண்டா?" என்ற கேள்விக்கு, எக்ஸ்பைரி தேதி அடிக்க ஒரு கட்டம் இருந்தாலே உண்டு என்று சொல்லிவிடலாம். உங்கள் கவுண்டரில் சாயங்காலம் ஏழு மணிக்கு அது எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்த டிக்கில் தெரியாது.

அதனால் அட்டவணையைத் தலைகீழாக்குங்கள். "இது உண்டா?" என்பதை அடித்துவிட்டு "இதைச் செய்து காட்டுங்கள்" என்று எழுதுங்கள். உங்கள் கடையில் நிஜமாக நடந்த பில்களையும் கொள்முதல்களையும் எடுத்து, மூன்று பேரிடமும் ஒரே கணக்கைக் கொடுங்கள். சரியான விடை என்ன என்று முன்கூட்டியே கையால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வரி தேவையில்லை. மருந்துக் கடைக்கு நான் எப்போதும் வைக்கச் சொல்லும் சோதனைகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

1. ஒரே மருந்து, இரண்டு பேட்ச்

ஒரு மாத்திரை உங்களிடம் இரண்டு பேட்சில் இருக்கிறது என்று வையுங்கள். பழைய பேட்ச் 5 ஸ்ட்ரிப், எம்ஆர்பி 92 ரூபாய், சீக்கிரம் எக்ஸ்பைரி ஆவது. புது பேட்ச் 20 ஸ்ட்ரிப், எம்ஆர்பி 98 ரூபாய். வாடிக்கையாளர் 7 ஸ்ட்ரிப் கேட்கிறார். கவுண்டரில் இருப்பவர் மருந்தின் பெயரையும் 7 என்ற எண்ணையும் அடித்தால், பில்லில் இரண்டு வரி வர வேண்டும்: பழையதில் 5, அதற்கு 460 ரூபாய், புதியதில் 2, அதற்கு 196 ரூபாய், மொத்தம் 656.

சில சாஃப்ட்வேர் "ஸ்டாக் போதாது" என்று நின்றுவிடும், ஆளே பேட்சைத் தேடிப் பிரித்துப் போட வேண்டும். கூட்ட நேரத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், 7-ஐயும் புது பேட்சிலேயே போட்டுவிடுவார்கள். அப்போது பில் 686 ஆகும். 30 ரூபாய் கூடுதல் என்பதோடு போகாது. 92 என்று அச்சடித்த 5 ஸ்ட்ரிப்பை 98-க்கு விற்றதாக உங்கள் கையெழுத்தோடு ஒரு பில் வெளியே போகிறது. எம்ஆர்பிக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். போதாததற்கு, அலமாரியில் இல்லாத பழைய பேட்ச் கம்ப்யூட்டரில் 5 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

2. உதிரி மாத்திரை

15 மாத்திரை உள்ள ஸ்ட்ரிப், விலை 34 ரூபாய் 50 காசு, கையிருப்பு 15 ஸ்ட்ரிப். நான்கு மாத்திரை மட்டும் விற்கச் சொல்லுங்கள். பில் 9 ரூபாய் 20 காசு வர வேண்டும். மீதி 14 ஸ்ட்ரிப், 11 மாத்திரை என்று தெரிய வேண்டும். திரையில் 14.73 என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 11-ஐ 15-ஆல் வகுத்தால் 0.7333 என்று நீண்டுகொண்டே போகும். அதை இரண்டு தசமத்தில் வெட்டிச் சேமித்தால் ஒவ்வொரு உதிரி விற்பனையிலும் ஒரு துளி கணக்கு கழன்றுபோகும். ஒரு நாளில் தெரியாது, ஸ்டாக் எடுக்கும்போது தெரியும். பிறகு அதே பில்லில் இரண்டு மாத்திரையைத் திருப்பி வாங்கச் சொல்லிப் பாருங்கள். 14 ஸ்ட்ரிப், 13 மாத்திரை என்று வந்தால் சரி.

3. பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுப்பது

இது யாரும் கேட்காத சோதனை. எனக்கு இதுதான் மிக முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உங்களுக்குத் தெரியும். அந்தத் தேதிக்கு முந்தைய நாளிட்டு, 112 ரூபாய்க்கு ஒரு பில் போடச் சொல்லுங்கள். வரி 12 சதவீதம், அதாவது சரக்கு மதிப்பு 100, வரி 12. இப்போது அந்த மருந்தின் வரியை 5 சதவீதம் என்று மாற்றச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பழைய பில்லையே மறுபடி பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

வரி 12 ரூபாய் என்றே வந்தால் நல்ல சாஃப்ட்வேர். 5 ரூபாய் 33 காசு என்று வந்தால், பில் போட்ட அன்றைய வரியை அது சேமித்து வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மருந்துப் பட்டியலிலிருந்து இன்றைய வரியை எடுத்துக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். இதில் ஆபத்து என்னவென்றால், மொத்தம் இரண்டிலும் 112 ரூபாய்தான். அடியிலுள்ள தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. நீங்கள் தாக்கல் செய்த பழைய ரிட்டர்ன் ஒன்று சொல்லும், சாஃப்ட்வேர் ரிப்போர்ட் வேறொன்று சொல்லும். நான் ஆலோசனை சொன்ன ஒரு கடையில் டெமோவின்போதே இது பிடிபட்டது. காட்ட வந்தவருக்கே அது புதுச் செய்தி, அப்படி யாரும் கேட்டதில்லையாம்.

4. எச்1 பதிவேடு

செஃபிக்ஸிம் போல அட்டவணை எச்1-ல் வரும் ஒரு மருந்தை, டாக்டர் பெயர் போடாமல் பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தடுக்க வேண்டும். பெயர் போட்டு முடித்தபின் அந்த நாளின் எச்1 பதிவேட்டைக் கேளுங்கள். எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். இதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டிரக் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது ரிப்போர்ட் எங்கே என்று தேடக் கூடாது.

இவற்றோடு 10-க்கு 1 இலவசம் வந்த கொள்முதல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் 80 ரூபாய் வீதம் பத்துக்கு 800 கொடுத்துப் பதினொன்று வாங்கினால், அடக்கவிலை 72 ரூபாய் 73 காசு. லாப ரிப்போர்ட் 80-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் எந்த ஸ்கீம் லாபம் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் பில்லின் நடுவில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். இணையத்தில் ஓடும் சாஃப்ட்வேருக்கு இது கட்டாயம். உங்கள் டவுனில் மழை நாளில் நெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எப்படிக் கேட்பது

போனில் கேட்காதீர்கள். மூன்று பேருக்கும் ஒரே செய்தியை எழுதி அனுப்புங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

> "வணக்கம். எங்களுக்கு இரண்டு கடை, மூன்று பில்லிங் கம்ப்யூட்டர். முன்பு காட்டிய டெமோவுக்கு நன்றி. முடிவெடுக்கும் முன் இன்னொரு டெமோ வேண்டும். இணைப்பில் உள்ள கணக்குகளை எங்கள் கடையில், எங்கள் கம்ப்யூட்டரில் செய்து காட்ட வேண்டும். பில்லிங்கை எங்கள் ஊழியரே அடித்துப் பார்ப்பார். ஒன்றரை மணி நேரம் ஆகும். நீங்கள் தரும் பதில்களை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் இதே கணக்குகளைத்தான் கொடுத்திருக்கிறோம்."

கணக்குகளை முன்கூட்டியே கொடுத்தால் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்களே என்று தோன்றலாம். வரட்டும். தயார் செய்தும் முடியவில்லை என்றால் அதைவிடத் தெளிவான பதில் இல்லை. எண்களை மட்டும் அன்றைக்கு மாற்றிக் கொடுங்கள்.

அவர்களுடைய லேப்டாப்பில் பார்த்தது கணக்கில் சேராது. அதில் ஐம்பது மருந்து இருக்கும், எதைத் தட்டினாலும் உடனே வரும். உங்கள் பழைய கம்ப்யூட்டரில், உங்கள் பிரிண்டரில், ஆயிரக்கணக்கான மருந்துப் பெயர்களுக்கு நடுவே தேடும்போதுதான் வேகம் தெரியும். அப்புறம், கீபோர்டு உங்கள் ஊழியர் கையில் இருக்கட்டும். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லட்டும். மூன்று மருந்து உள்ள ஒரு பில்லுக்கு எத்தனை விநாடி ஆகிறது, எத்தனை முறை மவுஸைத் தொட வேண்டியிருக்கிறது என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் இனி டிக் வேண்டாம். "இப்போதே செய்து காட்டினார்", "சுற்றி வளைத்துச் செய்தார்", "செய்யவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்" என்றால் அதுவும் "செய்யவில்லை"தான். மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். மேலே சொன்ன நான்கும் இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்ற வகை. அதில் ஒன்று தவறினாலும், மற்ற ஐம்பது வசதிகள் அதை ஈடுகட்டாது. வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது போன்றவை, இரண்டு பேர் சமமாக நிற்கும்போது பார்க்க வேண்டியவை.

ட்ரயல் எப்போது, எப்படி

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. டெமோவில் தெரியாத பல விஷயங்கள் ட்ரயலில் தெரியும். ஆனால் வடிகட்டாமல் ட்ரயலுக்குப் போனால், மருந்துப் பட்டியலை ஏற்றுவதிலேயே நாள் போய்விடும். அவ்வளவு உழைத்த பிறகு, பிடிக்காவிட்டாலும் விட மனம் வராது. விற்பவருக்கும் அது தெரியும். ஆகவே டெமோவில் தேறிய ஒருவரிடம், மிஞ்சினால் இருவரிடம், ட்ரயல் கேளுங்கள். முப்பது நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்று கேளுங்கள். இன்ஸ்டால் செய்த நாளிலிருந்து என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் மருந்துப் பட்டியலும் பேட்ச் வாரியான இருப்பும் ஏறிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் ஒரு மாதக் கடைசி கட்டாயம் வர வேண்டும், ஜிஎஸ்டி ரிப்போர்ட்டை எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் காட்டுவதற்கு.

ஒரு மாதம் அதிலேயே பில் போடலாம் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். ட்ரயல் சாஃப்ட்வேரிலிருந்து வாடிக்கையாளருக்கு பில் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும், ஒருமுறை வந்தது மறுபடி வராமலும் இருக்க வேண்டும். இரண்டு சாஃப்ட்வேரிலும் மாறி மாறி பில் போட்டுவிட்டு ஒன்றை அழித்தால் வரிசை உடையும், ஸ்டாக்கும் இரண்டாகப் பிரியும். அதற்குப் பதில் ஒரே கடையில், ஒரே கம்ப்யூட்டரில், கடை ஓய்ந்த நேரத்தில், அன்றைய பில்களில் முப்பது நாற்பதையும் வந்த கொள்முதல் எல்லாவற்றையும் மறுபடி அடியுங்கள். பழைய சாஃப்ட்வேரின் தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எந்த பில்லில் என்று தேடிப் பிடியுங்கள். பத்து நாள் ஒழுங்காகச் செய்தாலே போதும்.

நோயாளிகளின் உண்மையான பெயரையும் போன் நம்பரையும் ட்ரயலில் ஏற்றாதீர்கள். நீங்கள் வாங்காமல் போனாலும் அந்த விவரங்கள் யாரோ ஒருவருடைய சர்வரில் தங்கிவிடும். இன்னொன்று, எனிடெஸ்க் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து இன்ஸ்டால் செய்வார்கள். அதற்கு முன் பழைய டேட்டாவை பென் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் இணைப்பை மூடுங்கள். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரை இதற்குக் கொடுக்கவே வேண்டாம்.

ட்ரயல் முடியும் முன் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை, வெளியே வருவது. மருந்துப் பட்டியல், பேட்ச் இருப்பு, பில்கள், கணக்குப் பேரேடு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக நீங்களே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பிடிஎஃப் ஆக மட்டும் வந்தால் அடுத்த முறை மாறும்போது எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டியிருக்கும். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதுச் சாஃப்ட்வேருக்கு மருந்துப் பட்டியலும் இன்றைய இருப்பும் பாக்கிகளும்தான் பெரும்பாலும் மாறும், பழைய வருடங்களின் பில்கள் மாறாது. ஆகவே பழைய சாஃப்ட்வேர் உள்ள கம்ப்யூட்டரை விற்றுவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

விலையும் எழுத்தும்

விலையை மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு ஒருவர் மொத்தமாக 24,000 ரூபாய், முதல் வருடம் சேவை இலவசம், பிறகு வருடம் 6,000 ஏஎம்சி என்கிறார். மூன்று வருடத்துக்கு 36,000. இன்னொருவர் மாதம் 750தான் என்கிறார், ஆனால் அது ஒரு கம்ப்யூட்டருக்கு. மூன்று கம்ப்யூட்டர், 36 மாதம் என்றால் 81,000. இரண்டாம் கடைக்குத் தனி லைசென்ஸா, ஏஎம்சி கட்டாவிட்டால் சாஃப்ட்வேர் நின்றுவிடுமா, அல்லது சேவை மட்டும் நிற்குமா, வரி மாறினால் வரும் அப்டேட்டுக்குத் தனிப் பணமா என்று கேளுங்கள்.

"பிரச்சினை வந்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் இரண்டு கடையும் சம்பளத்துக்கு ஆட்களும் வைத்திருக்கும் உங்களை அதில் சேர்ப்பார்களா என்பது வாதத்துக்கு உரியது. மேலும் ஆர்டர் படிவத்தில் பொடி எழுத்தில் "இதில் எழுதியுள்ளது மட்டுமே ஒப்பந்தம்" என்று ஒரு வரி இருக்கக்கூடும். அப்படி இருந்தால் டெமோவில் வாயால் சொன்னதை வைத்து வாதாடுவது கஷ்டம்.

ஆகவே நீங்கள் நிரப்பிய அந்த அட்டவணையையே ஆர்டரோடு இணைத்து, "இணைப்பில் உள்ளவை எங்கள் கடையில் சரியாக இயங்கும் என்ற அடிப்படையில் வாங்குகிறோம், இயங்காவிட்டால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்பத் தரப்படும்" என்று எழுதி, அவர்கள் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். பாதியை, இரண்டாம் கடையிலும் பில்லிங் ஓடி, முதல் மாத ஜிஎஸ்டி ரிப்போர்ட்டை ஆடிட்டர் பார்த்துச் சரி என்ற பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். மார்ச் கடைசியில் மாற்றம் செய்து ஏப்ரல் 1 அன்று புது பில் வரிசையோடு தொடங்க முடிந்தால் உங்களுக்கும் ஆடிட்டருக்கும் வேலை பாதியாகும். அதுவரை பழைய சாஃப்ட்வேர் தாங்குமென்றால், தினமும் பேக்கப் எடுத்துக்கொண்டு அந்தத் தேதியை வைத்தே ட்ரயலைத் திட்டமிடுங்கள்.